சவ்வூடு பரவலும் செல்சுவரும்: உயிரியல் தாளில் மார்க் நழுவும் இடங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் விடைத்தாள்களைப் பல வருடங்களாகத் திருத்துகிறேன். செல் பாடத்தில் மார்க் போவது பெரும்பாலும் படிக்காததால் அல்ல. நன்றாகப் படித்தவர்களும் ஒரே மாதிரியான சில இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். மாணவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளில் அடிக்கடி வந்தவை மட்டும் இங்கே இருக்கின்றன. சில புத்தகங்களில் பரவலை ‘விரவல்’ என்று எழுதியிருப்பார்கள்; இரண்டும் ஒன்றுதான்.

‘சவ்வூடு பரவல்’ என்றால் சவ்வின் ஊடே பரவுவதுதானே? ஆக்ஸிஜன் செல்சவ்வைக் கடப்பதை அப்படி எழுதினேன், மார்க் போய்விட்டது. ஏன்?

பெயரை அப்படியே நம்பியதுதான் காரணம். முழுப் பழியையும் உங்கள் மேல் போட முடியாது. சவ்வு, ஊடு, பரவல் என்று பிரித்துப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தப் பெயர் முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. கடந்து போவது தண்ணீராக இருக்க வேண்டும். பொதுவாகச் சொன்னால் கரைப்பான். செல்லைப் பொறுத்தவரை கரைப்பான் என்றால் தண்ணீர்தான்.

ஆக்ஸிஜன், கார்பன் டை ஆக்ஸைடு போன்றவை சவ்வைக் கடந்தாலும் அது பரவல்தான். ‘பரவலுக்குச் சவ்வு தேவையில்லை’ என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம். அதை மனப்பாடம் செய்தவர்கள், கொஞ்ச நாள் கழித்து, ‘பரவல் சவ்வின் வழியே நடக்காது’ என்று மாற்றி நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். தேவையில்லை என்பது வேறு, நடக்காது என்பது வேறு. சவ்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவல் நடக்கும், அந்தத் துகளைச் சவ்வு உள்ளே விட்டால் போதும். சவ்வூடு பரவலுக்கோ சவ்வு இருந்தே ஆக வேண்டும். அதுவும் தண்ணீரை விட்டு, கரைபொருளைத் தடுக்கும் சவ்வாக இருக்க வேண்டும்.

ஆகவே விடை எழுதுவதற்கு முன்னால் ‘சவ்வு இருக்கிறதா?’ என்று கேட்டுக்கொள்ளாதீர்கள். ‘நகர்வது எது?’ என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஸ்டார்ச்சும் அயோடினும் வைத்துச் செய்யும் பை சோதனையில் நடப்பது எது? பரவலா, சவ்வூடு பரவலா?

இரண்டும். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்.

டயாலிசிஸ் குழாயை ஒரு பக்கம் முடிச்சுப் போட்டு, உள்ளே ஸ்டார்ச் கரைசலை ஊற்றி, மறு பக்கத்தையும் கட்டி, அயோடின் கலந்த தண்ணீரில் வைக்கிறோம். கொஞ்ச நேரத்தில் பைக்குள்ளே கருநீலம் ஆகிறது. வெளியே உள்ள தண்ணீர் மஞ்சள் கலந்த பழுப்பாகவே இருக்கிறது. இந்த இரண்டு நிறங்களே முழு விடையையும் சொல்லிவிடுகின்றன. உள்ளே நிறம் மாறியதால் அயோடின் பைக்குள் போயிருக்கிறது. வெளியே மாறாததால் ஸ்டார்ச் வெளியே வரவில்லை. அதன் மூலக்கூறு பையின் துளைகளைவிடப் பெரியது.

அயோடின் உள்ளே போனது பரவல். அது கரைபொருள், தண்ணீர் அல்ல. பை லேசாக உப்பி, எடை கூடியிருந்தால் அது தண்ணீர் உள்ளே போனதால் வந்தது. அதுதான் சவ்வூடு பரவல். ‘நிற மாற்றத்துக்குக் காரணம் என்ன?’ என்று கேட்டிருக்கும் இடத்தில் சவ்வூடு பரவல் என்று எழுதினால் மார்க் கிடையாது. ‘எடை கூடியது ஏன்?’ என்று கேட்டால் அதே சொல்தான் சரியான விடை.

“தண்ணீர் அதிகச் செறிவிலிருந்து குறைந்த செறிவுக்குப் போகிறது” என்று எழுதினேன். ஆசிரியர் தப்பு என்கிறார். புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது?

எதன் செறிவு என்று நீங்கள் சொல்லவில்லை. தண்ணீரின் செறிவு என்று மனதில் வைத்து எழுதியிருப்பீர்கள், அப்படிப் பார்த்தால் சரி. ஆனால் ‘செறிவு மிகுந்த கரைசல்’ என்றால் வேதியியலில் கரைபொருள் அதிகம் உள்ள கரைசல் என்றுதான் பொருள். திருத்துகிறவர் அந்தப் பொருளில் படித்தால், தண்ணீர் சர்க்கரைக் கரைசலிலிருந்து தூய தண்ணீருக்குப் போகிறது என்று நீங்கள் எழுதியதாக ஆகிவிடும். நேர் எதிர்.

‘செறிவு’ என்ற சொல்லைத் தனியாக விடாதீர்கள் என்பேன். பத்தாம் வகுப்பு அளவில் ‘நீர்த்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலுக்கு’ என்று எழுதினால் குழப்பமே இல்லை. மேல்நிலை வகுப்பு என்றால் ‘நீரியல் திறன் அதிகமுள்ள இடத்திலிருந்து குறைவாக உள்ள இடத்துக்கு’ என்று எழுதிவிடுங்கள். அப்புறம் எதன் செறிவு என்ற பேச்சே வராது.

வரையறை கேட்டால் மூன்று விஷயங்கள் அதில் இருக்கிறதா என்று பார்க்கிறோம்: தண்ணீர் மூலக்கூறுகள் என்ற சொல், எங்கிருந்து எங்கே என்ற திசை, தேர்ந்து கடத்தும் சவ்வு. ‘சவ்வு வழியாக’ என்று மட்டும் எழுதி, அது எப்படிப்பட்ட சவ்வு என்று சொல்லாமல் விடுபவர்கள்தான் அதிகம். ‘நிகர நகர்வு’ என்று சேர்த்தால் இன்னும் நல்லது. தண்ணீர் இரண்டு பக்கமும்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் கூடுதலாகப் போவதைத்தான் நாம் சவ்வூடு பரவல் என்கிறோம்.

அப்படியானால் இரண்டு பக்கமும் சமமானதும் மூலக்கூறுகள் நின்றுவிடுமா?

நிற்காது. போகிறதும் வருகிறதும் சமம், அவ்வளவுதான். ‘நகர்வு நின்றுவிடும்’ என்று எழுதாமல் ‘நிகர நகர்வு இருக்காது’ என்று எழுதுங்கள். ஒரு சொல்தான், ஒரு மார்க்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வெங்காயச் செல்லை வரைந்தேன். வெளிக்கோட்டுக்குச் செல்சவ்வு என்று பெயர் எழுதினேன். அது தப்பா?

தப்பு. நீங்கள் பார்த்தது செல்சுவர். செல்சவ்வை அந்த மைக்ரோஸ்கோப்பில் நீங்கள் பார்த்திருக்கவே முடியாது.

செல்சவ்வின் தடிமன் சுமார் 7 முதல் 8 நானோமீட்டர். ஆய்வகத்தில் நாம் பயன்படுத்தும் ஒளி மைக்ரோஸ்கோப் சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டாது. எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த எல்லை மாறாது, மங்கல்தான் பெரிதாகும். சவ்வைத் தனியாக ஒரு கோடாகப் பார்க்க எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும். போதாததற்கு, ஆரோக்கியமான தாவர செல்லில் சவ்வு சுவரோடு ஒட்டி அழுந்திக் கிடக்கிறது. இடையில் இடைவெளியே இல்லாதபோது அதை எங்கே தேடுவது?

1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலைப் பார்த்து ‘செல்’ என்று பெயர் வைத்தாரே, அவர் பார்த்ததும் சுவர்களைத்தான். தக்கை செல்கள் இறந்தவை. உள்ளே சவ்வும் இல்லை, சைட்டோபிளாசமும் இல்லை. செல் என்ற பெயரே வெறும் சுவர்களைப் பார்த்து வந்தது என்பது எனக்கு எப்போதும் கொஞ்சம் வேடிக்கையாகத் தோன்றும்.

செய்முறைப் படத்தில் சுவரை இரட்டைக் கோடாக வரைந்து, பெயர்க்கோட்டின் முனை அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே தொடும்படி இழுங்கள். பாடப் படத்தில் சவ்வையும் குறிக்கச் சொன்னால், சுவருக்கு உட்பக்கம் ஒட்டினாற்போல் இன்னொரு மெல்லிய கோடு வரைந்து அதற்குப் பெயர் கொடுங்கள். பெயர்க்கோடு காற்றில் முடிந்தால் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் மார்க் போட முடியாது.

தாவர செல்லுக்குச் செல்சுவர், விலங்கு செல்லுக்குச் செல்சவ்வு. வேறுபாட்டு அட்டவணையில் இப்படி எழுதலாமா?

எழுதக் கூடாது. தாவர செல்லுக்கு இரண்டும் உண்டு. சுவர் என்பது சவ்வுக்குப் பதிலாக வந்தது அல்ல, சவ்வுக்கு வெளியே கூடுதலாக இருப்பது. அட்டவணையில் ‘செல்சுவர் உண்டு / செல்சுவர் இல்லை’ என்று எழுதினால் போதும்.

பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும்கூட சுவர் உண்டு, ஆனால் பொருள் வேறு. தாவரத்தில் முக்கியமாக செல்லுலோஸ், பூஞ்சையில் கைட்டின், பாக்டீரியாவில் பெப்டிடோகிளைக்கான். எல்லாவற்றுக்கும் செல்லுலோஸ் என்று எழுதி ஒரு மார்க்கை விடுகிறவர்கள் நிறைய.

எது உள்ளே போகலாம், எது போகக் கூடாது என்று செல்சுவர் தீர்மானிக்கிறது இல்லையா? சுவர் என்றாலே அதற்குத்தானே?

மறுபடியும் பெயர் செய்கிற வேலை. வீட்டுச் சுவர் ஆளைத் தடுக்கிறது, கதவு விடுகிறது. அந்தப் படம் மனதில் இருக்கிறவரை செல்சுவர் விளங்காது. செல்சுவர், பின்னிய நார்களால் ஆன கூடை மாதிரி. தண்ணீர், உப்பு அயனிகள், சர்க்கரை எல்லாம் அதன் இடைவெளிகள் வழியாகத் தாராளமாகப் போய் வரும். பெரிய புரத மூலக்கூறுகள் சிலவற்றுக்கு இடம் போதாது, அது வேறு விஷயம். பள்ளி அளவில் ‘செல்சுவர் எல்லாவற்றையும் கடத்தும், செல்சவ்வு தேர்ந்து கடத்தும்’ என்பதுதான் எதிர்பார்க்கும் விடை.

இதை நம்ப முடியாவிட்டால் பீட்ரூட் துண்டுகளை வைத்துப் பாருங்கள். நன்றாகக் கழுவிய துண்டைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் தண்ணீரில் பெரிதாக நிறம் இறங்காது. இன்னொரு துண்டை 70 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் தண்ணீர் கருஞ்சிவப்பாகிவிடும். இரண்டு துண்டுகளிலும் செல்சுவர் அப்படியே இருக்கிறது. சூட்டில் சிதைந்தது சவ்வு. அதில் உள்ள புரதங்கள் உருக்குலைந்து, கொழுப்பு அடுக்கும் கலைந்துவிட்டது. நிறமியை அத்தனை நேரமும் உள்ளே வைத்திருந்தது சுவராக இருந்தால், சுவர் இருக்கும்போதே அது எப்படி வெளியே வந்தது?

கழுவாமல் போட்டால் குளிர்ந்த தண்ணீரிலும் நிறம் வரும். கத்தி வெட்டிய இடத்தில் உடைந்த செல்களின் நிறமி அது. செய்முறைத் தேர்வில் ‘துண்டுகளை முதலில் ஏன் கழுவினீர்கள்?’ என்று கேட்டால் இதுதான் விடை.

சரி, தேர்ந்தெடுக்காத சுவருக்கு வேறு என்ன வேலை? செல்லுக்கு வடிவம் தருவது, உள்ளிருந்து தண்ணீர் தள்ளும்போது எதிர்த்துத் தாங்குவது.

பிளாஸ்மோலைசிஸில் “செல் சுருங்கிவிட்டது” என்று எழுதினேன். பாதி மார்க்தான் கிடைத்தது. வேறு என்ன எழுத வேண்டும்?

செல் சுருங்கவில்லை. உள்ளே இருக்கும் புரோட்டோபிளாசம் சுருங்கியது. சுவர் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கிறது. இந்த வேறுபாட்டைக் கேட்பதற்காகவே அந்தக் கேள்வி வைக்கப்படுகிறது.

ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டால் மறக்காது. சிவப்பு வெங்காயத்தின் நிறமுள்ள மெல்லிய தோலை உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு செல்லும் ஊதாச் சிவப்பு நிறத்தால் மூலைவரை நிரம்பியிருக்கும். அந்த நிறம் வாக்குவோலில் உள்ள சாற்றின் நிறம். இப்போது கண்ணாடிச் சீவலின் ஒரு ஓரத்தில் அடர்ந்த உப்புக் கரைசலை ஒரு சொட்டு வையுங்கள். எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து பழைய தண்ணீரை உறிஞ்சி எடுங்கள். சில நிமிடங்களில், முதலில் மூலைகளில், நிறம் சுவரை விட்டு விலக ஆரம்பிக்கும். அப்புறம் பக்கங்களிலும் விலகி, கடைசியில் நிறம் முழுவதும் உருண்டு நடுவில் ஒரு பந்துபோல் நிற்கும். சுவரின் பெட்டி வடிவம் மாறாமல் சுற்றிலும் இருக்கும். நிறம் முன்பைவிட அடர்த்தியாகத் தெரியும், ஏனென்றால் அதே நிறமி இப்போது குறைந்த தண்ணீரில் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாது என்று சொன்ன செல்சவ்வு எங்கே இருக்கிறது என்பது இப்போதுதான் புலப்படுகிறது. அந்தப் பந்தின் விளிம்பில் இருக்கிறது. சவ்வு அப்போதும் ஒரு கோடாகத் தெரியவில்லை, அது நிற்கும் எல்லைதான் தெரிகிறது.

இனி பலரும் தவற விடும் கேள்வி: சுவருக்கும் சுருங்கிய சவ்வுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் என்ன இருக்கிறது? ‘காற்று’, ‘வெற்றிடம்’, ‘தூய தண்ணீர்’, ‘செல் சாறு’ என்று நான்கு விதமாகவும் எழுதுகிறார்கள். சரியான விடை, வெளியே நாம் ஊற்றிய உப்புக் கரைசல். சுவர் அதைத் தடுப்பதில்லை, ஆகவே அது சுவரைக் கடந்து வந்து இடைவெளியை நிரப்பிவிடுகிறது. சவ்வு உப்பை எளிதில் விடாததால் அங்கேயே நின்றுவிடுகிறது. முந்தைய கேள்வியின் விடை தெரிந்தவர்களுக்கு இது தானாக வரும்.

நான் மாணவனாக இருந்தபோது செய்முறைத் தேர்வில் ‘காற்று’ என்றுதான் சொன்னேன். தேர்வாளர் சிரித்தபடி, “தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் செல்லுக்குள் காற்று எங்கிருந்து வந்தது, தம்பி?” என்று கேட்டார். பதில் இல்லை.

முழு மார்க் விடை இப்படிப் போக வேண்டும்: வெளிக் கரைசலின் நீரியல் திறன் செல் சாற்றைவிடக் குறைவு, ஆகவே தண்ணீர் சவ்வூடு பரவலால் வாக்குவோலிலிருந்து வெளியேறுகிறது, புரோட்டோபிளாசம் சுருங்கி, செல்சவ்வு செல்சுவரை விட்டு விலகுகிறது. ‘உப்பு தண்ணீரை உறிஞ்சிவிட்டது’ என்பது பேச்சுக்குச் சரி, தாளில் எடுபடாது.

சிவப்பணுவைத் தூய தண்ணீரில் போட்டால் வெடிக்கிறது. தாவர செல் ஏன் வெடிப்பதில்லை? “அதற்குள் தண்ணீர் போகாது” என்று எழுதலாமா?

போகும். ஆரம்பத்தில் இரண்டுக்குள்ளும் ஒரே காரணத்தால்தான் தண்ணீர் போகிறது. சிவப்பணுவுக்கு வெளியே தாங்க ஒன்றுமில்லை; சவ்வு ஓரளவுக்கு மேல் விரியாது, கிழிந்துவிடும். அதனால்தான் ஊசி வழியே ஏற்றும் உப்புக் கரைசலை 0.9 சதவீதத்தில் வைக்கிறார்கள். அந்த அளவில் சிவப்பணு உப்பவும் இல்லை, சுருங்கவும் இல்லை.

தாவர செல்லில் உள்ளே வரும் தண்ணீர் சவ்வைச் சுவரோடு அழுத்துகிறது, சுவர் திருப்பி அழுத்துகிறது. உள்ளே அழுத்தம் ஏற ஏற, மேற்கொண்டு தண்ணீர் நிகராக நுழைவது குறைந்து நின்றுபோகிறது. இந்த அழுத்தம் சாதாரணமாகவே 0.5 மெகாபாஸ்கல் அளவுக்கு இருக்கும். காற்றடித்த கார் டயரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த நிலைக்கு விறைப்பு நிலை என்று பெயர். ‘வெடிக்காது’ என்பதோடு நிறுத்தாமல் இந்தச் சொல்லையும் எழுத வேண்டும்.

நன்னீரில் வாழும் அமீபாவுக்குச் சுவரும் இல்லை, அது வெடிப்பதும் இல்லையே என்று கெட்டிக்கார மாணவர்கள் கேட்பார்கள். அது உள்ளே வரும் தண்ணீரைச் சுருங்கும் வாக்குவோலில் சேர்த்து அவ்வப்போது வெளியே தள்ளிவிடுகிறது. அதற்கு ஆற்றல் செலவாகிறது.

கரைபொருள் அதிகமாக உள்ள செல்லுக்குத்தான் தண்ணீர் எப்போதும் போகும், சரிதானே?

சிவப்பணு மாதிரி, அழுத்தம் பெரிதாக இல்லாத இடத்தில் சரி. அடுத்தடுத்த இரண்டு தாவர செல்களைக் கொடுத்துக் கேட்டால் இந்த விதி காலை வாரிவிடும். சுவர் தரும் அழுத்தத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சூத்திரம் எளியது:

ψ = ψs + ψp

முதலாவது நீரியல் திறன். ψs கரைபொருளால் வருவது, எப்போதும் எதிர்க்குறி. ψp அழுத்தத்தால் வருவது, விறைப்பான செல்லில் நேர்க்குறி. தூய தண்ணீருக்கு, சாதாரண வளி அழுத்தத்தில், ψ = 0.

‘அ’ என்ற செல்லில் ψs −0.9, ψp 0.4 மெகாபாஸ்கல். ‘ஆ’ என்ற செல்லில் ψs −0.7, ψp 0.1. கரைபொருள் ‘அ’வில்தான் அதிகம், ஆகவே பலரும் தண்ணீர் ‘அ’வுக்குள் போகும் என்று எழுதிவிடுகிறார்கள். கூட்டிப் பாருங்கள்:

அ: ψ = −0.9 + 0.4 = −0.5
ஆ: ψ = −0.7 + 0.1 = −0.6

−0.5 பெரியது, −0.6 சிறியது. ஆகவே தண்ணீர் ‘அ’விலிருந்து ‘ஆ’வுக்குப் போகும். கரைபொருள் அதிகமுள்ள செல்தான் இங்கே தண்ணீரை இழக்கிறது. கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, 0.6தான் 0.5ஐவிடப் பெரியது என்று எதிர்க்குறியை மறந்து அம்புக்குறியைத் திருப்பிப் போடுகிறவர்களும் உண்டு. எண்கோட்டில் பூச்சியத்துக்கு அருகில் இருப்பதிலிருந்துதான் தண்ணீர் கிளம்பும்.

வேர் தாது உப்புகளையும் சவ்வூடு பரவலால்தானே எடுத்துக்கொள்கிறது?

தண்ணீரை மட்டும். உப்பு அயனிகள் பெரும்பாலும் மண்ணில் குறைவாகவும் வேர்த்தூவிக்குள் அதிகமாகவும் இருக்கும். அவற்றைச் சரிவுக்கு எதிராக உள்ளே இழுக்க ஏடிபி செலவழிக்க வேண்டும். அது ஆற்றல்சார் கடத்தல். ‘தண்ணீரும் தாது உப்புகளும் சவ்வூடு பரவலால்’ என்று ஒரே வரியில் முடித்தால் பாதி விடைதான் சரி.

உருளைக்கிழங்குத் துண்டுகளை வெவ்வேறு சர்க்கரைக் கரைசலில் வைத்து எடை பார்க்கும் கணக்கில் எங்கே தவறு வருகிறது?

நான்கு இடங்களில். ஒரு மாதிரிக் கணக்கை வைத்தே பார்க்கலாம்.

தண்ணீரில் வைத்த துண்டு 2.60 கிராமிலிருந்து 2.99 கிராம் ஆனது. 0.2 மோலார் சுக்ரோஸில் 2.50 கிராம் 2.65 ஆனது. 0.4 மோலாரில் 2.80 கிராம் 2.66 ஆகக் குறைந்தது. 0.6 மோலாரில் 2.40 கிராம் 2.16 ஆனது.

முதல் தவறு, எடை வித்தியாசத்தை அப்படியே ஒப்பிடுவது. துண்டுகள் ஒரே எடையில் தொடங்கவில்லை, ஆகவே சதவீதம்தான் பேசும். இரண்டாவது, சதவீதத்துக்குக் கடைசி எடையால் வகுப்பது. வகுக்க வேண்டியது ஆரம்ப எடையால்:

(2.99 − 2.60) ÷ 2.60 × 100 = +15%
(2.65 − 2.50) ÷ 2.50 × 100 = +6%
(2.66 − 2.80) ÷ 2.80 × 100 = −5%
(2.16 − 2.40) ÷ 2.40 × 100 = −10%

கூட்டல் கழித்தல் குறியை விட்டால் வரைபடம் அச்சைக் கடக்காது, விடையும் வராது. எடை போடும் முன் எல்லாத் துண்டுகளையும் ஒரே மாதிரி ஒற்றி எடுக்க வேண்டும். ஒன்றை ஈரத்தோடும் இன்னொன்றை அழுத்திப் பிழிந்தும் வைத்தால் இந்தச் சதவீதங்களுக்கு அர்த்தமே இல்லை.

மூன்றாவது, விளக்கம். ‘சர்க்கரை உருளைக்கிழங்குக்குள் போனதால் எடை கூடியது’ என்று 0.2 மோலாருக்கு எழுதுகிறார்கள். அப்படியென்றால் 0.6 மோலாரில் இன்னும் அதிகச் சர்க்கரை போய், எடை இன்னும் கூடியிருக்க வேண்டும். குறைந்ததே! எடை கூடியதும் குறைந்ததும் தண்ணீரால்தான்.

நான்காவது, வரைபடம் பூச்சியத்தைக் கடக்கும் இடம். +6க்கும் −5க்கும் நடுவே நேர்கோடு போட்டால் அது சுமார் 0.31 மோலாரில் அச்சைத் தொடுகிறது. அந்தக் கரைசலில் வைத்தால் எடை மாறாது. இங்கே ‘உருளைக்கிழங்கு செல்லில் 0.31 மோலார் சர்க்கரை இருக்கிறது’ என்று எழுதுவதுதான் நல்ல மாணவர்களும் செய்யும் பிழை. செல் சாற்றில் சர்க்கரை மட்டும் இல்லை. பொட்டாசியம் போன்ற அயனிகளும் கரிம அமிலங்களும் கரைந்திருக்கின்றன. அதோடு, சமமானது செறிவு அல்ல, நீரியல் திறன். செல்லில் சுவரின் அழுத்தம் கொஞ்சம் மிச்சமிருந்தால், வெளியே உள்ள கரைசலைவிடச் செல் சாறு அடர்த்தியாகவே இருந்தும் எடை மாறாமல் நிற்கும். ஆகவே தாளில் எழுத வேண்டியது: 0.31 மோலார் சுக்ரோஸ் கரைசலின் நீரியல் திறனும் உருளைக்கிழங்குத் திசுவின் நீரியல் திறனும் சமம். தண்ணீரின் நிகர நகர்வு இல்லை.